காப்சூல் உள்ள பாக்டீரியாவை வெள்ளணுவால் ஏன் விழுங்க முடிவதில்லை? "வழுக்கும்" என்பது மட்டும்தான் காரணமா?

தேன்மொழி எழுதியது:

வணக்கம். நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நேற்றைய செய்முறை வகுப்பில் முதல்முறையாக இந்தியா இங்க் போட்டுக் காப்சூல் பார்த்தேன். கிளெப்சியெல்லா கொடுத்திருந்தார்கள். கண்ணாடித் தகடு முழுக்கப் புகை மூட்டம் மாதிரி மை, நடுவில் அங்கங்கே வெளிச்சமான ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு குட்டிக் கம்பி. அந்தக் கம்பிதான் பாக்டீரியா. அதைச் சுற்றியிருந்த வெளிச்சம், அதாவது காப்சூல் என்ற கூழ் உறை, அதைவிட அகலமாக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் சந்தேகம் இதுதான். புத்தகத்தில் "காப்சூல் வெள்ளணுக்கள் விழுங்குவதைத் தடுக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வகுப்பில் கேட்டால் "வழுக்கும், அதனால் பிடிக்க முடியாது" என்கிறார்கள். ஆனால் இதே வெள்ளணு கரித்தூளை விழுங்குகிறது, லேடெக்ஸ் மணியைக் கொடுத்தாலும் விழுங்குகிறது. காப்சூலில் பெரும்பகுதி தண்ணீர், மீதி சர்க்கரைச் சங்கிலி. அந்தக் கூழுக்குள் அப்படி என்ன தடை இருக்கிறது?

இன்னொன்று: ஸ்லைம் லேயர் என்பது இதே பொருள்தானா, வேறா? அதுவும் இப்படித்தான் காப்பாற்றுகிறதா?

பாரி எழுதியது:

இது எளிதான விஷயம். காப்சூலின் சர்க்கரைகளில் பெரும்பாலும் எதிர்மின்சுமை இருக்கும். வெள்ளணுவின் மேற்பரப்பிலும் சியாலிக் அமிலம் இருப்பதால் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதோடு காப்சூல் தண்ணீரை இழுத்து வைத்திருப்பதால் வெள்ளணுவின் சவ்வு ஒட்டவும் முடியாது. லேடெக்ஸ் மணி தண்ணீரை வெறுக்கும் பரப்பு, அதனால் அதை லபக்கென்று விழுங்கிவிடும். உங்கள் ஆசிரியர் "வழுக்கும்" என்று சொன்னது இதைத்தான். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஹமீது எழுதியது:

நான் படித்த வரை இந்த உறை ரொம்பக் கடினமான ஓடு. கொதிக்க வைத்தாலும் உள்ளே இருக்கும் கிருமி சாகாது, பல வருடம் மண்ணில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு இது உண்டு. வெள்ளணுவால் உடைக்க முடியாமல் போவதற்கு அந்தக் கடினம்தானே காரணம்?

சிவகாமி எழுதியது:

முதலில் ஹமீதுக்கு. நீங்கள் சொல்வது ஸ்போர், தம்பி. அது பாக்டீரியா தன்னைச் சுருக்கி உறங்கும் நிலை. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு ஸ்போரும் உண்டு, காப்சூலும் உண்டு, அதனால்தான் குழப்பம் வருகிறது. மண்ணில் கிடக்கும்போது ஸ்போர். உடலுக்குள் போய் முளைத்துப் பெருகத் தொடங்கிய பிறகுதான் காப்சூல் போர்த்திக்கொள்ளும். அந்தக் காப்சூல் கடினமே இல்லை, கூழ் மாதிரிதான். அதுவும் சர்க்கரையால் ஆனதல்ல, டி-குளூட்டமிக் அமிலத்தைக் கோத்த சங்கிலி. அதை உண்டாக்கும் ஜீன்கள் ஒரு தனி பிளாஸ்மிடில் இருக்கின்றன. கால்நடைகளுக்குப் போடும் ஸ்டெர்ன் தடுப்பூசி ரகத்தில் அந்த பிளாஸ்மிட் மட்டும் கிடையாது. ஸ்போர் அப்படியே உண்டாகும், நச்சும் சுரக்கும், ஆனால் காப்சூல் இல்லாததால் அதன் வீரியம் போய்விடுகிறது. ஆக, கடினம் காரணமல்ல.

இனி தேன்மொழிக்கு. பாரி சொன்னது பொய்யில்லை, ஆனால் அது ஓரமாக நிற்கும் காரணம். நடுவில் இருக்கும் காரணம் வேறு. பல வருடங்கள் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸோடு வேலை செய்தவள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

நியூட்ரோபில் என்ற வெள்ளணு ஒரு பாக்டீரியாவைச் சும்மா தொட்டு விழுங்குவது அபூர்வம். அதற்குப் பிடி வேண்டும். ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் சி3பி என்று ஒன்று, பாக்டீரியாவின் மேல் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நியூட்ரோபிலின் மேலே அந்த சி3பி-யைப் பிடிக்க ரிசெப்டார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடி இருந்தால் அதன் வால் பகுதி இன்னொரு பிடி. இந்தப் பிடிகள் கிடைத்தால் சவ்வு மெல்ல மெல்ல ஜிப் மூடுவது போலச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காப்சூல் செய்வது இந்தப் பிடிகளை மறைப்பதுதான். நிமோகாக்கஸின் காப்சூல் சுமார் 200 முதல் 400 நானோமீட்டர் தடிமன். வெள்ளணுவின் ரிசெப்டார்கள் சில பத்து நானோமீட்டர் எட்டினால் பெரிது. சி3பி கீழே செல் சுவரில் உட்கார்ந்திருக்கும், மேலே கூழ். கிணற்றில் வாளி கிடக்கிறது, கயிறு எட்டவில்லை. அவ்வளவுதான்.

இதை நான்கு குழாய்களில் கண்ணால் பார்த்துவிடலாம். தடுப்பூசி போட்டவர்களின் சீரத்தைச் சோதிக்க நாங்கள் செய்த முறையின் எளிய வடிவம் இது. ஒவ்வொன்றிலும் காப்சூல் உள்ள நிமோகாக்கஸ் சுமார் ஆயிரம், நியூட்ரோபில் போல வேலை செய்யும்படி வளர்த்த செல்கள் சுமார் நான்கு லட்சம். ஒரு பாக்டீரியாவுக்கு 400 செல்கள், கவனியுங்கள். 37 டிகிரியில் 45 நிமிடம் மெல்ல ஆட்டிக்கொண்டே வைத்துவிட்டு, பிளேட்டில் போட்டு மறுநாள் காலனியை எண்ண வேண்டும்.

முதல் குழாயில் செல்கள் மட்டும். பாக்டீரியா குறையாது. இரண்டாவதில் செல்களோடு காம்ப்ளிமென்ட், அதாவது முயல் குட்டியின் சீரம். அப்போதும் பெரிதாகக் குறையாது. மூன்றாவதில் காம்ப்ளிமென்டோடு அந்தக் காப்சூலுக்கு எதிரான ஆன்டிபாடியும். இப்போது காலனி பாதிக்கும் கீழே போய்விடும், நல்ல சீரமென்றால் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். நான்காவதில் ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் இரண்டும் உண்டு, செல்கள் மட்டும் இல்லை. பாக்டீரியா சாகாது. நிமோகாக்கஸின் செல் சுவர் தடிமனானது, காம்ப்ளிமென்ட்டால் அதில் ஓட்டை போட முடியாது. கொல்வது விழுங்கும் செல்தான் என்பதற்கு இந்த நான்காவது குழாய்தான் சாட்சி.

நான்கு குழாயிலும் காப்சூல் ஒன்றுதான், அதன் வழுக்கலும் மின்சுமையும் ஒன்றுதான். மூன்றாவதில் மாறியது பிடி கிடைத்தது மட்டுமே.

பாரி எழுதியது:

அம்மா, ஒரு இடம் இடிக்கிறது. இரண்டாவது குழாயில் காம்ப்ளிமென்ட் இருந்தும் பயனில்லை என்கிறீர்கள். அப்படியானால் காப்சூல் காம்ப்ளிமென்ட்டை உள்ளே விடவில்லை என்றுதானே அர்த்தம்? அது பிடியை மறைக்கவில்லை, பிடி உண்டாகவே விடவில்லை. இரண்டும் வேறு வேறு.

சிவகாமி எழுதியது:

நல்ல கேள்வி. காப்சூல் சுவரல்ல, வலை. உணவும் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியாவே பட்டினி கிடந்து செத்துவிடும். காம்ப்ளிமென்ட் புரதங்களும் அந்த வலைக்குள் நுழைந்துவிடுகின்றன. எங்கே போய் உட்காருகின்றன என்பதில்தான் விஷயம்.

1980-களின் தொடக்கத்தில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். நிமோகாக்கஸை இரண்டு விதமான ஆன்டிபாடிகளோடு தனித்தனியாக வைத்தார்கள். ஒன்று காப்சூலைப் பிடிப்பது, இன்னொன்று அடியிலிருக்கும் செல் சுவரின் சர்க்கரையைப் பிடிப்பது. இரண்டுமே காம்ப்ளிமென்ட்டைத் தூண்டின, இரண்டிலுமே சி3பி பாக்டீரியாவில் வந்து படிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது முதலாவதில் அது காப்சூலின் மேலேயே படிந்திருந்தது, இரண்டாவதில் கீழே சுவரில். முதலாவதை நியூட்ரோபில்கள் விழுங்கின. இரண்டாவதை விழுங்கவில்லை. அதாவது சி3பி இருந்தும் பிரயோஜனமில்லை, இடம் சரியில்லை.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. காப்சூல் இருந்தால் படியும் சி3பி-யின் மொத்த அளவும் குறைகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. காப்சூலின் வகையைப் பொறுத்து எவ்வளவு குறைகிறது என்பதும் மாறும். ஆக இரண்டு வேலையும் நடக்கிறது. நான் மறைப்பைத்தான் பெரிதாக நினைக்கிறேன், என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் அளவைத்தான் பெரிது என்பார்கள்.

ராஜன் எழுதியது:

எனக்குப் பாடம் தெரியாது, ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் எனக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு "நிமோகாக்கஸ் ஊசி போட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே ஒன்று, அப்புறம் இடைவெளி விட்டு இன்னொன்று, வேறு இரண்டு கிருமிகளுக்கும் ஊசி. "காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள், உடனே வாருங்கள்" என்று எழுதியே கொடுத்தார்.

மண்ணீரலுக்கும் இந்தக் காப்சூலுக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளணுக்கள் எனக்கு எல்லோருக்கும் இருப்பது போலத்தானே இருக்கின்றன?

சிவகாமி எழுதியது:

வெள்ளணுக்கள் இருக்கின்றன ராஜன், ஆனால் இந்தக் கிருமிக்குச் சோதனைச் சாவடி அந்த மண்ணீரல்தான். ரத்தம் அதற்குள் மிக மெதுவாகக் கசிந்து போகும். இருபுறமும் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் உட்கார்ந்திருக்கும். கொஞ்சமே பிடி ஒட்டிய பாக்டீரியாவையும் நின்று நிதானமாகப் பிடித்துவிட அங்கே நேரம் இருக்கிறது. இன்னொன்று, காப்சூல் சர்க்கரைக்கு எதிராக விரைவாக ஆன்டிபாடி செய்யும் ஒரு வகை பி செல்கள் மண்ணீரலின் விளிம்பில்தான் குடியிருக்கின்றன. ஒரே இடத்தில் பிடியும் தயாராகிறது, பிடிக்கும் ஆளும் இருக்கிறார். அது போனால் காப்சூல் உள்ள கிருமி ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். அதனால்தான் காய்ச்சலென்றால் உடனே வரச் சொன்னார்.

உங்களுக்குப் போட்ட மற்ற இரண்டும் ஹீமோஃபிலஸ் பி, மெனிங்கோகாக்கஸ் ஆகியவற்றுக்கு இருக்கும். மூன்றுமே காப்சூல் கிருமிகள். அந்த ஊசிகள் பெரும்பாலும் அந்தக் காப்சூல் சர்க்கரையை வைத்தே செய்தவை. என் மூன்றாவது குழாயில் இருந்த ஆன்டிபாடியை உங்கள் ரத்தத்தில் முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். அடுத்த ஊசி எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வருடங்கள் போனாலும் ஆபத்து முழுதாகப் போவதில்லை, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தேன்மொழி எழுதியது:

நன்றி அம்மா. நான்கு குழாயை நோட்டில் வரைந்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. காப்சூல் உள்ள ரகம், இல்லாத ரகம் என்று ஒப்பிட்டால் அவற்றுக்குள் வேறு வித்தியாசங்களும் இருக்கலாமே? ஒரே பாக்டீரியா, ஒரே நேரம், காப்சூலை மட்டும் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

இளங்கோ எழுதியது:

பார்த்திருக்கிறார்கள், அதுவும் எலியின் உடம்புக்குள்ளேயே. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்றாம் வகை நிமோகாக்கஸ் ஒரு தலைவலி. தடித்த காப்சூல், பிளேட்டில் சளி மாதிரி வழியும் காலனி, அந்த நிமோனியா வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. அந்தச் சர்க்கரையை மட்டும் அறுக்கும் என்சைம் ஒன்று கிடைத்தால் என்ன என்பது அவர் யோசனை. உடம்பில் இருக்கும் எந்த என்சைமும் அதைத் தொடவில்லை.

ரெனே டியூபோ என்ற இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். மண் ஆராய்ச்சியில் பழகியவர். இயற்கையில் எந்தப் பொருளும் மலை மாதிரி குவிந்து கிடப்பதில்லை, அதைத் தின்னும் ஏதோ ஒரு கிருமி எங்கேயோ இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பல இடத்து மண்ணை எடுத்து, சுத்தம் செய்த மூன்றாம் வகைக் காப்சூல் சர்க்கரையைத் தவிர வேறு கார்பன் உணவே இல்லாத கரைசலில் போட்டார். அதைத் தின்னத் தெரிந்தது மட்டுமே பிழைக்கும். நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி விளையும் ஒரு சதுப்பு நிலத்து மண்ணிலிருந்து அப்படி ஒரு பாசில்லஸ் வளர்ந்து வந்தது. அதிலிருந்து என்சைமைப் பிரித்தார்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். என்சைமை நிமோகாக்கஸ் வளரும் குழம்பில் விட்டால் பாக்டீரியா சாகவில்லை. வழக்கம்போல வளர்ந்தது, காப்சூல் மட்டும் இல்லை. அதாவது என்சைம் விஷமல்ல, சட்டையைக் கழற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் எலிக்கு மூன்றாம் வகையை ஏற்றி இந்த என்சைமையும் கொடுத்தபோது எலி பிழைத்தது. வயிற்றுக்குள்ளிருந்து திரவத்தை எடுத்துப் பார்த்தால், சட்டை கழன்ற பாக்டீரியாக்களை வெள்ளணுக்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. என்சைம் கொடுக்காத எலியில் அதே பாக்டீரியா வெள்ளணுக்களுக்கு நடுவிலேயே சுதந்திரமாகத் திரிந்தது. இரண்டாம் வகையை ஏற்றிய எலிக்கு அந்த என்சைம் துளியும் உதவவில்லை, ஏனென்றால் அதன் காப்சூல் வேறு சர்க்கரை. 1930, 1931-இல் வெளியானது.

குரங்குகள் வரை சோதித்தார்கள். பிறகு சல்ஃபா மருந்துகள் வந்து எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரே ஒரு வகைக்கு மட்டும் வேலை செய்யும் என்சைமை யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.

கோமதி எழுதியது:

என் அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அதில் தொற்று வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் மறுபடி ஏறும். கடைசியில் "குழாயில் ஸ்லைம் படிந்துவிட்டது, எடுத்தால்தான் தீரும்" என்று எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சரியானது. கிருமியின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று அறிக்கையில் இருந்தது. அதுவும் நீங்கள் பேசும் காப்சூல்தானா? அப்படியானால் அந்தச் சட்டையைக் கழற்றும் மருந்தை ஏன் கொடுக்கவில்லை?

ஜெயராணி எழுதியது:

கோமதி, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இப்படிக் குழாய் முனைகள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கும். எடுத்த குழாயை விரலால் தடவினால் (கையுறை போட்டுத்தான்) சில சமயம் வழவழவென்று இருக்கும். கையில் வருவது தனித்தனி பாக்டீரியா அல்ல, ஒரு கும்பல் மொத்தமாகப் பொதிந்திருக்கும் பசை.

காப்சூலுக்கும் ஸ்லைமுக்கும் பரிசோதனை மேசையில் நாங்கள் பார்க்கும் வித்தியாசம் இதுதான். காப்சூல் ஒவ்வொரு பாக்டீரியாவோடும் கெட்டியாக ஒட்டியிருக்கும், விளிம்பு தெளிவாகத் தெரியும், உப்புநீரில் கழுவினாலும் போகாது. ஸ்லைம் தளர்வானது, விளிம்பு இருக்காது, கழுவினால் பெரும்பகுதி போய்விடும். எபிடெர்மிடிஸ் ஸ்லைம் செய்கிறதா என்று பார்க்கக் குழாயில் குழம்பு வைத்து வளர்த்துவிட்டு, கொட்டிவிட்டு, சாஃப்ரனின் சாயம் ஊற்றுவோம். ஸ்லைம் இருந்தால் கண்ணாடிச் சுவரில் சிவப்புப் படலம் நிற்கும். திரவம் நின்ற மட்டத்தில் மட்டும் ஒரு சிவப்பு வளையம் தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறு செய்வார்கள்.

வெள்ளணுவிடமிருந்து தப்பிப்பதிலும் வித்தியாசம் உண்டு. குழாயில் படிந்த கும்பல் நியூட்ரோபிலைவிடப் பல மடங்கு பெரிது. விழுங்க வந்த செல்லால் சுற்றி வளைக்கவே முடியாது. அது தன் நச்சை வெளியே கொட்டிவிட்டு ஓய்ந்துபோகும், அதனால் பக்கத்துத் திசுதான் புண்ணாகும். குழாயை எடுப்பது ஏன் சரியான முடிவு என்றால் கும்பலின் வீட்டையே எடுத்துவிடுகிறோம்.

பாரி எழுதியது:

ஜெயராணி அக்கா சொன்னதும் எதிர்மின்சுமைதானே இங்கேயும் வேலை செய்கிறது?

சிவகாமி எழுதியது:

இல்லை பாரி, இந்த இடத்தில் உங்கள் கணக்கு தலைகீழாகிவிடும். எபிடெர்மிடிஸின் ஸ்லைமில் முக்கியமான சர்க்கரை குளுக்கோசமீன் சங்கிலி. அதிலிருந்து அசிட்டைல் குழுக்கள் சிலவற்றைப் பாக்டீரியாவே வெட்டி எடுத்துவிடும். அப்படி வெட்டினால் அது நேர்மின்சுமை பெறுகிறது. வெட்டும் என்சைமின் ஜீனை நீக்கினால் சர்க்கரை பாக்டீரியாவின் மேல் ஒட்டி நிற்காமல் போகிறது, நியூட்ரோபில்களும் அதை எளிதாகக் கொல்கின்றன. நேர்மின்சுமை உள்ள போர்வையும் காப்பாற்றுகிறது என்றால், எதிரும் எதிரும் தள்ளும் என்பதை எல்லாவற்றுக்கும் பொதுவிதியாக வைக்க முடியாது. நிமோகாக்கஸிலேயே பதினான்காம் வகையின் காப்சூலில் மின்சுமையே கிடையாது. அது குழந்தைகளை எவ்வளவு படுத்தியது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பாரி எழுதியது:

சரி, பொதுவிதி இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013-இல் நிமோகாக்கஸ் வகைகளின் மேற்பரப்பு மின்சுமையை அளந்து ஒரு ஆய்வு வந்தது. எதிர்மின்சுமை கூடக்கூட நியூட்ரோபில் விழுங்குவது குறைகிறது, மூக்கில் அதிகமாகக் காணப்படும் வகைகளும் அவைதான் என்று அதில் இருந்தது. பதினான்கு விதிவிலக்காக இருக்கலாம், ஆனால் போக்கு இருக்கிறது.

சிவகாமி எழுதியது:

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். போக்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காப்சூலிலும் மின்சுமையோடு தடிமனும் சர்க்கரையின் அமைப்பும் சேர்ந்தே மாறும், அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம். நாம் இருவரும் இதில் ஒத்துப்போகாமலே இருக்கலாம்.

இளங்கோ எழுதியது:

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. ஆன்டிபாடி வருவதற்கு முன்பே, காப்சூல் இருந்தும், நுரையீரலில் நியூட்ரோபில்கள் நிமோகாக்கஸை விழுங்கும் காட்சியை 1946-இல் பேரி வுட் குழு காட்டியது. திரவத்தில் மிதக்கும்போது நழுவிவிடும் பாக்டீரியாவைக் காற்றறையின் சுவரிலோ, ஃபைப்ரின் இழையிலோ, இன்னொரு வெள்ளணுவின் மேலோ வைத்து அழுத்திப் பிடித்துவிடும். வழவழப்பான கண்ணாடியில் இது நடக்கவில்லை, ஈரமான வடிதாளில் நடந்தது. தட்டில் கிடக்கும் பாதரசத்தை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடிப்பது மாதிரி.

ஆகவே தேன்மொழியின் ஆசிரியர் சொன்ன "வழுக்கும்" என்ற வார்த்தையை முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். பிடி இல்லாதபோது இடம் உதவுகிறது.

தேன்மொழி எழுதியது:

அப்படியானால் காப்சூலுக்கு எதிரான தடுப்பூசி போட்டுவிட்டால் எல்லா வகையும் ஒரே மாதிரி மடங்க வேண்டும். ஆனால் மூன்றாம் வகை மட்டும் தடுப்பூசியில் சேர்த்தும் சரியாகக் குறையவில்லை என்று ஒரு இடத்தில் படித்தேன். ஏன்?

சிவகாமி எழுதியது:

டியூபோவின் அதே மூன்றாம் வகைதான் இன்னும் தலைவலி. 2010-இல் வந்த 13 வகைத் தடுப்பூசியில் அது இருக்கிறது, ஆனாலும் பல நாடுகளில் அது எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

நிமோகாக்கஸின் பெரும்பாலான வகைகளில் காப்சூல் செல் சுவரோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கும். மூன்றாம் வகையில் அந்தக் கட்டு இல்லை. சர்க்கரையை உண்டாக்கும் என்சைம் அதை ஒரு முனையில் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அதனால் காப்சூல் தொடர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆன்டிபாடி வந்து பிடித்தாலும் பிடித்த துண்டு பாக்டீரியாவை விட்டுக் கழன்று போய்விடும். சுற்றிலும் மிதக்கும் துண்டுகள் மீதி ஆன்டிபாடியையும் தின்றுவிடும். என் மூன்றாவது குழாயில் இந்த வகையைப் போட்டால், மற்ற வகைக்குப் போதுமான சீரம் இதற்குப் போதாது, ரொம்ப அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும். பல்லியின் வாலைப் பிடித்தவன் கதைதான்.

இது மட்டும்தான் காரணமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. காப்சூல் ரொம்பத் தடிமன் என்பதும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

உங்கள் முதல் கேள்வியின் இரண்டாவது பாதிக்கும் இங்கே வந்துவிட்டோம், கவனித்தீர்களா? ஒட்டியிருந்தால் காப்சூல், தளர்ந்திருந்தால் ஸ்லைம் என்று ஜெயராணி சொன்னது மேசையில் உதவும். மூன்றாம் வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஜெயராணி எழுதியது:

தேன்மொழி, கிளெப்சியெல்லா இன்னும் கையிலிருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஆசிரியர் அனுமதியோடு, பாதுகாப்பாக. குழம்பை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அடியில் படிந்ததை உப்புநீரில் கலக்கி மறுபடி சுற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு இந்தியா இங்க் போடுங்கள். மை ஒரு துளிக்கு மேல் வேண்டாம். மூடிக்கண்ணாடியை வடிதாளால் மெல்ல அழுத்தி மையைக் காப்பிக் கலருக்கு மெலிதாக்குங்கள். கறுப்பாக இருந்தால் வளையம் மறைந்துவிடும். உள்ளே பாக்டீரியா இல்லாத வெறும் வளையம் தெரிந்தால் அது காற்றுக் குமிழி, எண்ணாதீர்கள்.

தேன்மொழி எழுதியது:

செய்துவிட்டேன் அக்கா. மூன்று முறை கழுவிய பிறகும் வளையம் இருந்தது. முதல் நாளைவிடச் சற்று ஒல்லியாகத் தெரிந்தது, ஆனால் விளிம்பு கூர்மையாக இருந்தது. முதல் தடவை அடியில் சரியாகவே படியவில்லை, பஞ்சு மாதிரி மிதந்தது, இரண்டாவது சுற்றில்தான் உட்கார்ந்தது. ஆனால் எடுத்து வைத்த மேல் திரவத்தில் லூப்பை முக்கித் தூக்கினால் மெல்லிய நூல் வந்தது! அது ஸ்லைமா, உதிர்ந்த காப்சூலா?

ஜெயராணி எழுதியது:

முதல் தடவை படியாதது அந்தப் பசையால்தான், எங்களுக்கும் அப்படித்தான் ஆகும். நூலைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தத் திரவத்தில் காப்சூலுக்கு எதிரான சீரத்தை ஒரு துளி விட்டு, கலங்குகிறதா என்று பாருங்கள். கலங்கினால் அது காப்சூலின் சர்க்கரையேதான். சீரம் கிடைப்பதுதான் கஷ்டம்.

சிவகாமி எழுதியது:

கலங்கினாலும் அது கழன்று வந்ததா, ஆரம்பத்திலிருந்தே ஒட்டாமல் வெளியே விடப்பட்டதா என்று அந்தச் சோதனை சொல்லாது. கழுவுவதற்கு முன்னும் பின்னும் வளையத்தின் அகலத்தை அளந்து, குறைந்தது ஐம்பது செல்லுக்கு எழுதி வையுங்கள் தேன்மொழி. "ஒல்லியாகத் தெரிந்தது" என்பதை முதலில் எண்ணாக்கிவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.